நான்கில் ஒன்று

ஒரு பத்தியைப் படித்த மாணவன் அதன் பொருளை உணர்ந்தானா என்பதை ஆசிரியர் எவ்வாறு அறிவது? உரக்கப் படிக்கச் சொன்னால் அவனது உச்சரிப்பு விளங்குமேயன்றி உணர்வு விளங்காது. படித்ததைத் தன் சொற்களில் எழுதச் சொல்வது பழைய முறை. நல்ல முறையும் அதுவே. ஆயினும் அவ்வாறு எழுதிய விடைகளைத் திருத்தும்போது ஆசிரியர்க்கு ஆசிரியர் மதிப்பெண் வேறுபடும். அமெரிக்க நாட்டில் பிரெடரிக் கெல்லி என்னும் கல்வியாளர் இவ்வேறுபாட்டை 1914ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். அதனையடுத்துக் கான்சஸ் மாநிலத்துப் பள்ளிகளுக்கென அவர் ஒரு வாசிப்புத் தேர்வை அமைத்தார். கொடுக்கப்பட்ட விடைகளுள் சரியானதைத் தேர்ந்து குறியிடும் வினாமுறை பரவுதற்கு அத்தேர்வு வழிவகுத்தது. இம்முறை முதன்முதல் எடுத்தாளப்பட்ட இடங்களுள் ஒன்று வாசித்துணர்தலே என்பது கருதத்தக்கது.

இம்முறையில் திருத்துவது எளிது. வினாவை அமைப்பதோ அரிது. வினா ஒன்றுக்குச் சரியான விடை ஒன்றே. அதனை ஆசிரியர் முன்னரே அறிவார். எஞ்சிய மூன்றும் தவறான விடைகளாக இருத்தல் வேண்டும். ஆனால் பத்தியைச் செவ்வனே படியாதவனுக்கு அவை சரியெனத் தோன்றவும் வேண்டும். இம்மூன்று பிழைவிடைகளைப் படைப்பதிலேதான் ஆசிரியரின் உழைப்பு பெரும்பாலும் செலவாகிறது. அவ்வுழைப்பின் தன்மையை ஓர் எடுத்துக்காட்டால் காண்பது நலம்.

ஒன்பதாம் வகுப்புக்குத் தேர்வுப் பயிற்சித்தாள் ஒன்று அமைக்கும் தமிழாசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்க. அவர் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு நான்கு பிரிவுகளை உடையது; பிரிவுக்கு 40 மாணவர். அவர் தாமே எழுதிய பத்தி இது:

"கோடையில் ஏரி வற்றியது. ஊரார் கூடி, அதன் அடியில் படிந்திருந்த வண்டலை வெட்டி எடுத்துத் தம் வயல்களுக்கு உரமாக இட்டனர். ஏரி முன்னையினும் ஆழமாயிற்று. மழைக்காலம் வந்தது. பக்கத்து ஊர் ஏரி நிரம்பி, நீர் கலிங்கு வழியே வழிந்தோடியது. அதே மழை பெய்தும், இவ்வூர் ஏரியில் நீர் கலிங்கை எட்டவில்லை. அது கண்டு சிறுவர்கள் முகம் வாடினர். முதியவர் ஒருவர் மட்டும் சிரித்தார். 'கோடையில் நாம் பட்ட பாடு வீண்போகவில்லை' என்றார் அவர்."

இப்பத்தி சிறியது, கடினமான சொல் எதுவும் இதில் இல்லை. ஆயினும் இதன் மையக் கருத்து எந்த ஒரு தொடரிலும் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. வண்டல் எடுத்ததனால் ஏரி ஆழமாயிற்று. ஆழமான ஏரியில் மிகுந்த நீர் தங்கும். ஆகவே நீர் வழியவில்லை. வழியாத நீர் ஊருக்கே பயன்படும். இத்தொடர்பைப் படிப்பவனே தன் மனத்தில் கோத்துக்கொள்ளுதல் வேண்டும். கோத்தானா என்பதைத்தான் வினா வெளிப்படுத்த வேண்டும். "எப்போது ஏரி வற்றியது?" என்று வினவினால், பத்தியில் 'கோடையில்' என்னும் சொல்லைக் கண்ணால் தேடி எடுத்து எழுதிவிடலாம். பொருள் உணராதவனும் அதற்கு விடை கூறுவான்.

ஆசிரியர் முதலில் அமைத்த வினா, "முதியவர் சிரித்தது ஏன்?" என்பது. அதற்கு அவர் வகுத்த விடைகள் இவை:

அ) சிறுவர்களின் அறியாமையைக் கண்டார்.
ஆ) பக்கத்து ஊர் ஏரி நிரம்பியது கண்டு மகிழ்ந்தார்.
இ) கோடையில் ஏரியை ஆழப்படுத்தியதனால், பெய்த மழைநீர் வெளியே வழிந்து வீணாகாமல் ஏரியிலேயே தங்கியது என்பதை உணர்ந்தார்.
ஈ) ஏரியில் மீன் துள்ளுவதைக் கண்டார்.

சரியான விடை 'இ' என்பது அவர் கருத்து. மேலோட்டமாகப் பார்த்தால் வினாவில் குறை எதுவும் தோன்றாது. ஆயினும் வினாவை எழுதியவர் பத்தியின் பொருளை முன்னரே அறிந்தவர். அறியாதவன் கண்ணால் அதனைப் பார்க்க அவரால் இயலாது. ஆகவே பயிற்சித்தாளில் சேர்ப்பதற்குமுன், முதற்பிரிவு மாணவரிடம் அதனைக் கொடுத்து, எவ்விடையை எத்தனை பேர் குறித்தனர் என்று எண்ணிப் பார்த்தார்.

'அ' என்று குறித்தவர் 13 பேர், 'ஆ' 6 பேர், 'இ' 20 பேர், 'ஈ' ஒருவர். வகுப்பில் பாதிப்பேர் சரியான விடையைக் குறித்தனர் என்று மகிழ்ந்து அவர் நின்றுவிடவில்லை. அரையாண்டுத் தேர்வில் தமிழில் முதல் பத்து இடம் பெற்றவர்களின் விடைகளைத் தனியே பிரித்தார். கடைசிப் பத்து இடத்தினரின் விடைகளையும் தனியே பிரித்தார். நல்ல வினாவாயின், முன்னவருள் மிகப் பலரும் பின்னவருள் சிலரும் சரியான விடையைக் குறித்திருப்பர். இங்கோ, முதல் பதின்மருள் ஐவர் 'இ' என்றும் ஐவர் 'அ' என்றும் குறித்திருந்தனர். கடைசிப் பதின்மருள் மூவர் 'இ' என்று குறித்திருந்தனர்.

நன்றாகப் படிக்கும் மாணவர் பலர் ஒரே பிழைவிடையை நாடுவாராயின், ஐயம் கொள்ள வேண்டுவது மாணவரைப் பற்றியன்று; வினாவைப் பற்றியே. ஆசிரியர் அந்த ஐவரையும் அழைத்துக் காரணம் வினவினார். அவருள் ஒருவன், "ஐயா, ஏரி வழியாததன் நன்மையைச் சிறுவர்கள் அறியவில்லை. அறியாமல் வருந்தினார்கள். அதைப் பார்த்துத்தானே பெரியவர் சிரித்தார்?" என்று விடையிறுத்தான். அவன் பத்தியைப் பிழைபடப் படிக்கவில்லை, நுட்பமாகவே படித்திருந்தான். சிறுவர்கள் முகம் வாடினர் என்ற தொடருக்கு அடுத்ததாகவே முதியவர் சிரித்தார் என்ற தொடர் நிற்கிறது. அவன் கூற்றை மறுக்கப் பத்தியில் ஒரு சொல்லும் இல்லை. எனவே அவ்வினாவுக்கு விடை ஒன்றன்று, இரண்டு. உண்மைத் தேர்வில் இது வந்திருப்பின், செம்மையாகப் படித்த ஐவர் தம் குற்றமின்றியே மதிப்பெண் இழந்திருப்பர். ஆசிரியர் 'அ' என்று குறித்த 13 பேருக்கும் மதிப்பெண் வழங்கினார், வினாவை நீக்கினார்.

பின்னர், கடைசிப் பத்து இடத்தினருள் 'இ' என்று குறித்த மூவரையும் அழைத்தார். அவருள் ஒருவனை, "இதனை எப்படித் தேர்ந்தாய்?" என்று வினவினார். அவன் சற்றே தயங்கி, "எல்லாவற்றிலும் அதுதான் நீளமாக இருந்தது, ஐயா" என்றான். அவன் பத்தியைப் படிக்கவே இல்லை. சரியான விடையில் ஐயம் எதுவும் எழலாகாது என்று கருதும் ஆசிரியர், அதற்கே அடைமொழிகளும் காரணங்களும் சேர்த்து நீட்டிவிடுவது இயல்பு. பிழைவிடைகளுக்கு அத்துணைக் கவலை எடுத்துக்கொள்வதில்லை; அவை குறுகி நின்றுவிடுகின்றன. பல தேர்வுகளை எழுதிப் பழகிய மாணவர் இதனை விரைவில் கண்டுகொள்வர்.

மீனைப் பற்றிய விடையை ஒருவனே குறித்தான். பத்தியில் மீன் என்னும் பேச்சே இல்லையாதலின், எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. எவரும் நாடாத பிழைவிடை தாளில் இடத்தை அடைப்பதன்றி வேறு பணி செய்வதில்லை. நான்கு விடைகள் உள்ளன என்று ஆசிரியர் எண்ணுவார். மாணவனுக்கோ உள்ளவை மூன்றே. குருட்டாம்போக்கில் குறிப்பவனுக்கு நான்கில் ஒரு பங்காக இருந்த வாய்ப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

இவற்றையெல்லாம் கண்ட ஆசிரியர், பிழைவிடைகளைத் தம் கற்பனையில் தேடுவதை விட்டார். வினாவையும் மாற்றி எழுதினார்: "ஏரி வழியாதது நன்மையே என முதியவர் கருதியது ஏன்?" சிரிப்புக்குப் பல காரணம் இருக்கலாம், இக்கருத்துக்குப் பத்தியில் உள்ள காரணம் ஒன்றே. அவ்வினாவை விடைகள் எதுவும் இன்றி இரண்டாம் பிரிவினரிடம் கொடுத்து, ஒவ்வொருவரும் ஒரு துண்டுத்தாளில் ஒரே தொடரில் விடை எழுதுமாறு பணித்தார். 40 தாள்களையும் வீட்டுக்கு எடுத்துச் சென்று, ஒத்த விடைகளை ஒன்றாகச் சேர்த்தார்.

சரியான விடையைப் பலவாறாக எழுதியவர் 17 பேர். மூவர் ஒன்றும் எழுதவில்லை. எஞ்சிய 20 தாள்களும் மூன்றே குவியல்களாக அமைந்தன. 9 பேர், நீர் மிகுந்தால் கரை உடையும் என்று எழுதியிருந்தனர். 6 பேர், வண்டல் உரமாயிற்று என்று எழுதியிருந்தனர். 5 பேர், பக்கத்து ஊரில் வழிந்த நீர் இவ்வூருக்கு வரும் என்று எழுதியிருந்தனர். ஆசிரியர் தேடிய மூன்று பிழைவிடைகளும் மாணவர் கையெழுத்திலேயே அவர் முன் கிடந்தன.

அக்குவியல்கள் ஒவ்வொன்றும் வாசிப்பு எவ்விடத்தில் இடறிற்று என்பதைக் காட்டுகிறது. கரை உடையும் என்று எழுதியவன், பத்தியை விட்டுத் தன் அனுபவத்தை நாடினான். ஏரி நிரம்பிக் கரை உடைவதை அவன் கேட்டிருக்கிறான். அஃது உலகியலில் உண்மையே. ஆனால் இப்பத்தியில் அக்கருத்து இல்லை. வண்டல் உரமாயிற்று என்று எழுதியவன் பத்தியில் உள்ள உண்மையைத்தான் எழுதினான். அவ்வுண்மை இவ்வினாவுக்கு விடையாகாது என்பதை ஆராயவில்லை. வழிந்த நீர் இவ்வூருக்கு வரும் என்று எழுதியவன் இரண்டு ஏரிகளைப் பற்றிய செய்திகளை ஒன்றோடொன்று கலந்துவிட்டான். உலகறிவால் நிரப்புதல், உண்மையாயினும் பொருந்தாததை எடுத்தல், ஒன்றன் செய்தியை மற்றொன்றன்மேல் ஏற்றல் என்னும் இம்மூன்றும் வாசிப்பில் அடிக்கடி காணும் இடறல்களாகும். உளவியலறிஞர் எட்வர்டு தார்ன்டைக் 1917ஆம் ஆண்டில் மாணவர்கள் பத்தி வாசிப்பில் செய்த பிழைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏதேனும் ஒரு சொல் படிப்பவன் மனத்தில் அளவுக்கு மிஞ்சிய வலிமை பெற்று, மற்றச் சொற்களை மறைத்துவிடுவதே பிழைகள் பலவற்றின் காரணம் என்பது அவர் கண்ட முடிபு. 'உரம்' என்னும் சொல் அவ்வறுவர் மனத்தில் செய்த வேலை அதுவே.

இனி விடைகளை எழுதும் முறை. ஆசிரியர் அக்கருத்துகளை ஒரே அளவும் ஒரே அமைப்பும் உடைய தொடர்களாக்கினார்:

அ) நீர் மிகுந்தால் ஏரியின் கரை உடைந்துவிடும் என அஞ்சினார்.
ஆ) வெட்டி எடுத்த வண்டல் வயலுக்கு உரமாயிற்று என மகிழ்ந்தார்.
இ) பெய்த மழை வெளியேறாமல் ஊருக்கே தங்கியது என உணர்ந்தார்.
ஈ) பக்கத்து ஊரில் வழிந்த நீர் தம் ஏரிக்கு வரும் என நம்பினார்.

இவற்றுள் சொல்லாட்சி கருதத்தக்கது. பிழைவிடைகளுள் 'வண்டல்', 'உரம்', 'பக்கத்து ஊர்', 'வழிந்த' என்னும் பத்தியின் சொற்கள் அப்படியே வந்துள்ளன. சரியான விடையிலோ 'வெளியேறாமல்', 'தங்கியது' என்று பத்தியில் இல்லாத சொற்கள் ஆளப்பட்டுள்ளன. ஆசிரியர் இதனை வேண்டுமென்றே செய்தார். சரியான விடையில் மட்டும் பத்தியின் சொற்கள் இருப்பின், சொல்லோடு சொல்லை ஒப்பிட்டே அதனைக் கண்டுபிடித்துவிடலாம். பொருளோடு பொருளை ஒப்பிட வேண்டுவதில்லை. ஆயினும் பிழைவிடை ஒவ்வொன்றையும் பத்தியைக் காட்டி மறுக்க இயலுமா என்பதையும் அவர் சோதித்தார். கரை உடைதல் பத்தியில் இல்லை. உரம் கோடையிலேயே இடப்பட்டுவிட்டது. மழைக்காலத்தில் நீர் வழிந்தாலும் வழியாவிட்டாலும் அவ்வுரம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. பக்கத்து ஊரில் வழிந்த நீர் எங்கே சென்றது என்று பத்தி கூறவில்லை. முதியவர் தம் ஊரார் பட்ட பாட்டைப் பற்றியே பேசினார். இவ்வாறு விரலால் சுட்டிக் காட்டி மறுக்க இயலாத பிழைவிடையைத் தாளில் சேர்த்தல் கூடாது.

இன்னும் ஒரு சோதனை எஞ்சியிருந்தது. பத்தியை மறைத்து, வினாவையும் விடைகளையும் மட்டும் நான்காம் பிரிவினரிடம் கொடுத்து விடை குறிக்கச் செய்தார். பத்தியைப் படியாமலேயே பெரும்பாலோர் சரியான விடையைக் கண்டுவிட்டால், அவ்வினா சோதிப்பது வாசிப்பையன்று, பொது அறிவையே. 40 பேருள் 10 பேர் 'இ' என்று குறித்தனர். குருட்டாம்போக்கில் குறித்தாலும் ஏறத்தாழ 10 பேருக்கே அது வாய்க்கும். 15 பேர் 'அ' என்றும், 7 பேர் 'ஆ' என்றும், 8 பேர் 'ஈ' என்றும் குறித்தனர். பத்தியைக் காணாதவரைக் கரை உடையும் என்னும் விடை மிகுதியாக ஈர்த்தது. உலகறிவைக் கொண்டு ஊகிப்பவன் சென்று சேரும் இடம் அதுவாதலின், அப்பிழைவிடை தன் பணியைச் செய்தது.

அதன்பின் மூன்றாம் பிரிவினரிடம் பத்தியுடன் வினாவைக் கொடுத்தார். 24 பேர் 'இ' என்று குறித்தனர்; 7 பேர் 'அ', 5 பேர் 'ஆ', 4 பேர் 'ஈ' என்று குறித்தனர். அரையாண்டுத் தேர்வில் முதல் பத்து இடத்தினருள் 9 பேரும், கடைசிப் பத்து இடத்தினருள் 3 பேரும் சரியான விடையைக் குறித்திருந்தனர். பிழைவிடைகளுள் எதுவும் ஆளின்றிக் கிடக்கவில்லை. நன்கு படிப்போரையும் தடுமாறுவோரையும் வினா பிரித்துக் காட்டிற்று.

இவ்வினாவைத் திருத்திய ஆசிரியர் மதிப்பெண் இட்டதோடு அமையவில்லை. 'அ' என்று குறித்த எழுவரை ஒருபுறம் அமர்த்தி, "கரை உடையும் என்று எந்தத் தொடர் கூறுகிறது? காட்டுங்கள்" என்றார். அவர்கள் தேடிப் பார்த்து, இல்லை என்பதைத் தாமே கண்டனர். 'ஆ' என்று குறித்த ஐவரிடம், "வண்டலை எடுத்ததனால் விளைந்தவை எத்தனை?" என்று வினவினார். உரம் ஒன்று, ஆழம் மற்றொன்று என்று அவர்கள் பிரித்துக் கூறினர்; கூறும்போதே சரியான விடை அவர்களுக்குப் புலனாயிற்று. 'ஈ' என்று குறித்த நால்வரை, பலகையில் இரண்டு ஏரிகளை வரைந்து, எந்தத் தொடர் எந்த ஏரியைப் பற்றியது என்று குறிக்கச் செய்தார். விடை தவறு என்பது மட்டும் தெரிந்திருப்பின், பதினாறு பேருக்கும் ஒரே மருந்தைத்தான் அவர் கொடுத்திருப்பார். எத்தவறு என்பது தெரிந்தமையால் மூன்று மருந்துகள் கொடுக்க முடிந்தது.

பிழைவிடைக்கும் பொறிக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்கும். பொறி என்பது நன்றாகப் படித்தவனையும் வீழ்த்துவது. 'அல்ல' என்னும் சொல்லை வினாவின் மூலையில் மறைத்து வைப்பதும், விடையில் ஓர் எண்ணை மட்டும் சிறிது மாற்றி வைப்பதும் அத்தகையன. அவற்றால் கண்ணின் கூர்மை சோதிக்கப்படலாம். கருத்தின் கூர்மை சோதிக்கப்படுவதில்லை. நல்ல பிழைவிடையோ, நன்றாகப் படித்தவனுக்குத் தவறெனத் தெளிவாகப் புலப்படுவது. அரைகுறையாகப் படித்தவனுக்கே சரியெனத் தோன்றுவது.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. சரியான விடையைக் கண்டு தேர்ந்தவன், அதனைத் தானே எண்ணி எழுதவும் வல்லவன் என்று கொள்ள இயலாது. விடைகள் எதுவும் கொடாதபோது இரண்டாம் பிரிவில் 17 பேரே சரியாக எழுதினர்; நான்கு விடைகளைக் கொடுத்தபோது மூன்றாம் பிரிவில் 24 பேர் சரியாகக் குறித்தனர். பிரிவுகள் வேறாதலின் இவ்விரண்டு எண்களையும் முற்றிலும் ஒப்பிடலாகாது. எனினும், கண்டு தேர்தல் எழுதுதலினும் எளிது என்பதை ஆசிரியர் மறக்கவில்லை. ஆகவே பயிற்சித்தாளில் அவ்வினாவை அடுத்து, விடைகள் எதுவும் இன்றி இன்னொரு வினாவை அமைத்தார்: "பக்கத்து ஊரார் அடுத்த கோடையில் என்ன செய்தல் வேண்டும்? காரணம் காட்டி இரண்டு தொடர்களில் எழுதுக." முதல் வினாவை ஊகத்தால் கடந்துவிட்டவன் இவ்விடத்தில் நின்று பத்தியை மீண்டும் படித்தே ஆதல் வேண்டும்.